பேர் சொல்லாத மரியாதை யாருக்கு?

நம் ஊர்க் கல்யாண வரவேற்புகளில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும். வாழ்த்துரைக்கு அழைக்கப்பட்டவர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆரம்பிப்பார். "எங்க அம்மா எங்க அப்பா பேரச் சொன்னதே இல்ல. அப்பாவும் அம்மா பேரச் சொன்னதில்ல. ரெண்டு பேரும் பேர் சொல்லாமலே அம்பது வருஷம் வாழ்ந்துட்டாங்க. இப்ப உள்ள பிள்ளைங்க பேர் சொல்லிக் கூப்பிட்டுக்குது, அஞ்சு வருஷத்துல கோர்ட்டுல நிக்குது." மண்டபம் கைதட்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் அசட்டுத்தனமாகச் சிரிப்பார்கள்.

எனக்கு அந்தப் பேச்சில் வரும் "ரெண்டு பேரும்" என்ற சொல்லோடுதான் சண்டை. கணவனும் மனைவியும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லாமல் இருந்தது உண்மை. ஆனால் அது ஒரே மௌனம் இல்லை. இரண்டு வேறு மௌனங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, விலையும் வேறு. இரண்டையும் ஒரே மாலையில் கட்டி அதற்குக் காதல் என்றும் பண்பாடு என்றும் பெயர் வைக்கும்போது ஒரு தரப்பின் கணக்கு காணாமல் போகிறது.

முதலில் ஆயுள் விஷயத்தை முடித்துவிடலாம். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பதுதான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட காரணம். இப்போது அதற்கு வாட்ஸ்அப்பில் விஞ்ஞான விளக்கம்கூட வருகிறது, ஒலி அதிர்வு என்று ஏதோ. சரி, அதே பெண் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாள். அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறாள். குருக்கள் என்ன கேட்கிறார்? பெயர், நட்சத்திரம். கணவனின் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகுவதற்காக அவன் பெயரையே சாமி முன்னால் உரக்கச் சொல்கிறார் குருக்கள். பெயர் ஆயுளைத் தின்னும் என்றால் அர்ச்சனை எப்படி ஆயுளைக் கூட்டும்? அந்த இடத்தில் பெண்கள் செய்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். பக்கத்தில் நிற்கும் பிள்ளையை இடித்து "அப்பா பேரச் சொல்லுடா" என்பார்கள். பிள்ளை இல்லையென்றால் "சாமி பேருக்கே பண்ணிடுங்க சாமி" என்பார்கள். ஆக, பெயர் ஒலிப்பதில் ஆபத்து இல்லை. அது யார் வாயிலிருந்து ஒலிக்கிறது என்பதில்தான் ஆபத்து.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். கிராணி செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அடைமொழி கிடையாது, "ங்க" கிடையாது. பெண்டாட்டி உச்சரித்தால் உயிர் போய்விடும் என்று காப்பாற்றப்பட்ட பெயரை, நூறு பேர் நடுவில், அதே பெண்டாட்டி கேட்டுக்கொண்டு நிற்க, கிராணி தினமும் மொட்டையாகக் கூவினார். யாருடைய ஆயுளும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. மரியாதை குறைந்ததாகவும் யாரும் கிராணியிடம் சண்டைக்குப் போகவில்லை.

அப்படியென்றால் இந்த வழக்கம் எதற்காக? தமிழ் வீட்டில் பெயர் என்பது மேலிருந்து கீழே மட்டும் வரும் சாமான். மூத்தவர் இளையவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். இளையவர் மூத்தவரை உறவு சொல்லித்தான் அழைக்க வேண்டும். அண்ணன் தம்பியைப் பெயர் சொல்வான், தம்பி "அண்ணே" என்பான். இது எல்லாருக்கும் பொது. கல்யாணமாகி வரும் பெண், வயது என்னவாக இருந்தாலும், அந்த வீட்டுப் படியில் கடைசியில் நிறுத்தப்படுகிறாள். மாமனார், மாமியார், கொழுந்தனாரில் மூத்தவர், நாத்தனாரில் மூத்தவர் என்று எல்லார் பெயரும் அவளுக்கு விலக்கு. புருஷன் பெயர் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். புருஷனை மட்டும் பிரித்தெடுத்துப் பேசுவதால்தான் இது காதல் மாதிரித் தெரிகிறது. மாமனார் பெயரையும் சொல்லக் கூடாது என்பதைக் காதலில் சேர்க்க முடியுமா?

இந்த வலை எவ்வளவு இறுக்கமானது என்று புரிய ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாமனார் பெயர் வீரசாமி. மகன் ஆறுமுகம். ஆறுமுகத்துக்கு முதல் பையன் பிறக்கிறான். வழக்கப்படி தாத்தா பெயர்தான் வைப்பார்கள். 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஆக, பையனும் வீரசாமி. இப்போது மருமகள் கதியைப் பாருங்கள். புருஷனை "ஆறுமுகம்" என்று கூப்பிட முடியாது. "வீரசாமி அப்பா" என்று பிள்ளையை வைத்துக் கூப்பிடலாம் என்றால் அதில் மாமனார் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அதைவிடக் கொடுமை, பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை அவன் பெயர் சொல்லி அவளால் அழைக்க முடியாது. அதனால்தான் அவன் "தம்பி" ஆனான், "ஐயா" ஆனான், "பெரியவன்" ஆனான், "ராசா" ஆனான். தாய்மார்கள் மகனை "ஐயா" என்று கொஞ்சுவதில் நாம் பாசத்தை மட்டும் பார்க்கிறோம். பாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல் பல வீடுகளில் முதலில் ஒரு விலக்கைச் சுற்றிப் போவதற்காகக் கண்டுபிடித்த ஒற்றையடிப் பாதை. இரண்டாவது மகன் பிறந்து அவனுக்கு வேறு பெயர் வைத்த பிறகுதான் அவளுக்கு "இன்னார் அப்பா" என்று சொல்ல ஒரு பெயர் கிடைக்கும். சில வீடுகளில் மூத்த பிள்ளை ஒருத்தன் இருக்க, அப்பா மட்டும் இரண்டாவது பிள்ளையின் அப்பாவாக அழைக்கப்படுவதன் ரகசியம் இதுதான்.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். மூத்தவர் இளையவரைப் பெயர் சொல்லலாம் என்றால், கணவன் ஏன் மனைவி பெயரைச் சொல்லவில்லை? அவன்தான் மூத்தவன் ஆயிற்றே. அவனுடைய மௌனத்துக்குக் காரணம் படிநிலை இல்லை, கூச்சம். கூட்டுக் குடும்பத்தில் அப்பா அம்மா கண் முன்னால் பெண்டாட்டியோடு உறவாடுவதைக் காட்டக் கூடாது. பகலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால்கூட "என்னடா குசுகுசுப்பு" என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நெருக்கம் வெளியே தெரிந்துவிடும். அதனால் காற்றைப் பார்த்து "ஏய்" என்றான், "இந்தா" என்றான், "யாரு அங்க" என்றான், அல்லது தங்கச்சியிடம் "உங்க அண்ணியத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்றான்.

இரண்டும் வேறு என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரியவர்களை அங்கிருந்து எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை மலாயா நமக்கு இலவசமாகவே செய்து காட்டியிருக்கிறது. கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த ஜோடிகளில் பலருக்கு மாமனார் மாமியார் கூட வரவில்லை. லயத்தில் ஓர் அறை, முன்னால் ஒரு அஞ்சடி, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். யாருக்கு முன்னால் கூச்சப்பட வேண்டும்? ஆண்களின் மௌனம் அங்கே கரைந்துவிட்டது. நான் வளர்ந்த லயத்தில் பொழுது சாய்ந்தால் "ஏ லெட்சுமி", "ஏ பாப்பாத்தி" என்று ஆண்கள் குரல் வரிசையாகக் கேட்கும். அந்தக் குரல்களுக்கு உள்ளேயிருந்து பதில் வரும், "என்னாங்க", "தோ வந்துட்டேன்" என்று. ஒருநாளும் ஒரு பெண் குரல் தன் புருஷன் பெயரைக் கூவி நான் கேட்டதில்லை. கடல் தாண்டி, மாமியார் இல்லாத ஊரில், ஆணைவிட ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, அவனோடு சேர்ந்து பால்மரம் வெட்டிச் சம்பளம் வாங்கிய பெண்ணிடமும் அந்த மௌனம் அப்படியே இருந்தது. கூச்சம் என்றால் போயிருக்கும். போகாததால் அது கூச்சம் இல்லை.

பெயருக்குப் பதிலாக வந்த சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகும். அவள் சொன்னவை: என்னங்க, ஏங்க, இந்தாங்க, இங்க பாருங்க. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே ரயில்வேக்கும் அரசாங்கக் குமாஸ்தா வேலைக்கும் வந்தவர்கள் வீட்டில் "இஞ்சாருங்கோ". பிராமண வீட்டில் "ஏன்னா". மற்றவரிடம் அவனைப் பற்றிப் பேசும்போது அவுங்க, எங்க வீட்டுக்காரர், ஆத்துக்காரர். அவன் சொன்னவை: ஏய், அடியே, ஏ புள்ள, இந்தாடி, கழுதை. மற்றவரிடம் பேசும்போது அவ, சம்சாரம், பொண்டாட்டி. இரு பக்கமும் பெயர் இல்லைதான். ஆனால் ஒரு பக்கம் பெயர் இருந்த இடத்தில் "ங்க" உட்கார்ந்திருக்கிறது, மறுபக்கம் "டி". கல்யாண மேடையில் பேசுகிறவர் பெயர் இல்லாததை மட்டும் எண்ணுகிறார். அதற்குப் பதில் வந்ததை எண்ணுவதில்லை.

"டி" என்பது செல்லமாகவும் வரும் என்பீர்கள். வரும். செல்லத்துக்கும் திட்டுக்கும் அதே "டி" என்பதுதான் வேடிக்கை. அவளுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. செல்லமாக இருந்தாலும் "ங்க", கோபமாக இருந்தாலும் "ங்க". அதனால் அவள் எல்லாவற்றையும் தொனியில் வைத்தாள். என் அம்மா சொல்லும் "என்னங்க"வை வைத்தே வீட்டில் அன்றைய வானிலையைச் சொல்லிவிடலாம். கடைசி எழுத்தை இழுத்தால் ஏதோ வேண்டும், வெட்டினால் சண்டை, தாழ்த்தினால் யாரோ செத்துவிட்டார்கள். இதை ஒரு கலை என்று பாராட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஒரே ஒரு சொல் மட்டும் அனுமதிக்கப்பட்டவர் அந்த ஒரு சொல்லில் தேர்ச்சி பெறுவார்.

அத்தான், மாமா என்ற இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவை முறைச் சொற்கள். அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டுவது வழக்கமாக இருந்த வீடுகளில் பெண்ணுக்குக் கணவனை அழைக்கப் புதிதாகச் சொல் தேட வேண்டிய அவசியம் இல்லை. பாவாடை கட்டிய நாளிலிருந்து அத்தான் என்றோ மாமா என்றோ கூப்பிட்டவனைத்தான் கட்டினாள். அந்நியத்தில் கட்டியவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அப்படிக் கூப்பிடும்போது அந்நியனும் முறைமாப்பிள்ளை ஆகிவிடுகிறான். சினிமா அதைப் பிடித்துக்கொண்டு, எந்த முறையும் இல்லாத கதாநாயகனையும் கதாநாயகிகள் அத்தான் என்று பாட வைத்தது. நம் தோட்டங்களில் அந்தச் சொல் செழித்ததில் தோட்டத்துக்கு வந்து துணி கட்டிக் காட்டிய படங்களுக்கும் பங்குண்டு. சொந்தத்தில் கட்டியவர்களிடம் நான் கவனித்த ஒன்று: இரண்டு மூன்று மாத வயது வித்தியாசம்தான் என்றால் சிறு வயதில் இருவரும் "டா", "டி" போட்டு அடித்துக்கொண்டு வளர்ந்திருப்பார்கள். தாலி ஏறிய மறுநாளிலிருந்து "டா" மட்டும் காணாமல் போகும். "டி" அப்படியே இருக்கும்.

இதற்குப் பழைமையின் சான்று கேட்டால் சிலர் தொல்காப்பியத்துக்கு ஓடுகிறார்கள். அகப்பாடலில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று அதில் விதி இருப்பது உண்மை. ஆனால் அது பாட்டுக் கட்டும் புலவனுக்குச் சொன்ன விதி. யாருடைய காதலாகவும் அது இருக்கலாம் என்பதற்காகச் சொன்னது. அதை எடுத்துவந்து அடுப்படியில் நிற்கும் பெண் வாயில் ஒட்டக் கூடாது.

பழைமைதான் வேண்டும் என்றால் நான் சிலப்பதிகாரத்துக்கு வரத் தயார். கற்புக்குச் சிலை வைத்து நாம் கும்பிடும் கண்ணகி, பாண்டியன் சபையில் நிற்கிறாள். நீ யார் என்று அரசன் கேட்கிறான். வழக்குரை காதையில் அவள் சொல்லும் பதிலைப் போய்ப் பாருங்கள். தன் ஊரைச் சொல்கிறாள். மாமனார் மாசாத்துவானின் பெயரைச் சொல்கிறாள். அவர் மகன் என்று சொல்லிக் கோவலன் பெயரைச் சொல்கிறாள். அவன் மனைவி என்று தன் பெயரையும் சொல்கிறாள். சுற்றி வளைக்கவில்லை, பக்கத்தில் பிள்ளையைத் தேடவில்லை. பத்தினித் தெய்வத்தின் வாயில் மாமனார் பெயரையும் கணவன் பெயரையும் வைக்க இளங்கோவடிகள் கொஞ்சமும் தயங்கவில்லை. கோவலன் அப்போது இறந்துவிட்டான், இனி என்ன ஆயுள் என்று யாராவது வாதம் செய்யலாம். மாமனார் உயிரோடுதான் இருந்தார். மகன் செத்த சேதி கேட்டுத் துறவறம் போனதாகக் காப்பியமே பின்னால் சொல்கிறது. அதிகாரத்தின் முன்னால் நின்று நியாயம் கேட்கிறவளுக்குப் பெயர் வேண்டும். யாருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லாமல் வழக்கு ஏது?

அதிகாரத்தின் முன்னால் என்று நான் சொல்வது சபையை மட்டும் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பெரியப்பா வெட்டுக்காட்டில் மயங்கி விழுந்தார். லாரியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐசி வீட்டில் மாட்டியிருந்த சட்டைப் பையில். கூடப் போனவர்கள் அவரை இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். கவுண்டரில் மிஸ்ஸி பெரியம்மாவிடம் "நாமா சுவாமி?" என்று கேட்டிருக்கிறார். (மலாயில் புருஷனுக்குச் சொல்லே சுவாமிதான், வடமொழியிலிருந்து போனது. பாரத்தைக் கண்டுபிடித்தவர்களும் நம்மை விடவில்லை.) பெரியம்மாவுக்குக் கேள்வி புரிந்தது. பதில் தெரியும். வாய் வரவில்லை. சுவரில் முருகன் படம் இருந்தால் காட்டியிருப்பார், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏது முருகன். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு நான் அம்மாவோடு போனபோது பெரியப்பா கையில் கட்டியிருந்த அட்டையில் பெயர் இல்லாமல் கிடந்தார். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினார்.

"தம்பி, பெரியப்பா பேரச் சொல்லுய்யா. சீக்கிரம்."

நான் சொன்னேன். மிஸ்ஸி எழுதிக்கொண்டார். அப்புறம்தான் போன மாதம் அவர் அங்கேயே மருந்து வாங்கிய பழைய கார்டைத் தேடி எடுத்தார்கள். அதில் அவருக்கு இனிப்புநீர் என்று எழுதியிருந்தது. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். சில வருஷம் கழித்து, ஏன் பெரியம்மா நீங்களே சொல்லல என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு இல்லய்யா. சொல்ல வரல. இங்க வந்து நின்னுக்கிச்சு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

ஆயுள் குறையும் என்று சொல்லிப் பூட்டிய வாய், ஆயுள் போகிற நேரத்தில் திறக்கவில்லை. இது தனி ஒருத்தியின் கதை இல்லை. பிறப்புப் பத்திரம் எடுக்கப் போன இடத்தில், போலீஸ் நிலையத்தில், அடித்த புருஷன் மேலேயே புகார் கொடுக்கப் போன மேசையில், பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப்போய்ப் பெயர் சொல்ல வைத்த பெண்களை உங்கள் குடும்பத்திலேயே விசாரித்தால் கிடைப்பார்கள். இந்த நாட்டில் தமிழ்ப் பெண்ணின் ஐசியில் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் பெயரும் அவள் அப்பா பெயரும்தான். கணவன் பெயரைச் சுமக்கச் சட்டம் அவளைக் கேட்கவில்லை. சுமக்கவும் இல்லாத பெயர், சொல்லவும் முடியாத பெயர், ஆனால் ஒவ்வொரு பாரத்திலும் கேட்கப்படும் பெயர். ஆண்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. மனைவி பெயர் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். வீட்டில் அப்பா முன்னால் வந்த கூச்சம் கவுண்டரில் வராது.

எதிர்த்தரப்பிலும் ஒரு அவசரக் கூட்டம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள். போன முப்பது வருஷத்தில் நம் வீடுகளில் என்ன நடந்தது? கணவன் மனைவியைப் பெயர் சொல்லி அழைப்பது சகஜமாகிவிட்டது. மாமியார் முன்னாலும் அழைக்கிறான். மனைவி? "அப்பா" என்கிறாள், "டாடி" என்கிறாள், பிள்ளைகள் அழைப்பதையே தானும் அழைக்கிறாள். தனியாக இருக்கும்போது "டா" போடும் பெண்ணும் மாமியார் வந்து உட்கார்ந்ததும் "வாங்க, போங்க"வுக்கு மாறிவிடுகிறாள். மௌனம் ஒரு பக்கம்தான் உடைந்திருக்கிறது. முன்பு இருவருக்கும் பெயர் இல்லை என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது.

தமிழில் பெயரை ஒளித்துவிடலாம், வினைச்சொல்லை ஒளிக்க முடியாது. வா, வாங்க இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கேள்வி அங்கேதான். "என்னங்க" அழகான சொல் என்றால் கணவனும் மனைவியைப் பார்த்து "என்னங்க" என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லும் ஆண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறார்கள், அவர்களைச் சொந்தக்காரர்கள் கேலி செய்வதையும் பார்த்திருக்கிறேன். அதில் கேலிக்கு என்ன இருக்கிறது என்று அந்தப் பண்பாட்டுக் காவலர்கள் ஒருமுறை மைக்கில் விளக்கினால் நன்றாயிருக்கும்.

என் நண்பர்களில் சிலர் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இருவரும் தமிழ் நன்றாகப் பேசுகிறவர்கள், ஒருவர் தமிழாசிரியர். ஆனால் தங்களுக்குள் பேசும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். "யூ சாப்பிட்டாச்சா?" "யூ எப்ப வர்றது?" நீயும் இல்லை, நீங்களும் இல்லை. வினைச்சொல்லையும் சாமர்த்தியமாக மொட்டையடித்துவிடுகிறார்கள். தமிழைக் கெடுக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு பெரியவர் அவர்களைத் திட்டினார். அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தார். "ஏய், காப்பி எங்க?" என்று அவரைக் கேட்டுவிட்டு, திட்டுவதைத் தொடர்ந்தார்.